வீட்டு முன்னறையில் தையல் கடை: தொழில் உரிம மனு திரும்பி வந்துவிட்டது, அடுத்து என்ன?

ஊசிநூல் | நவம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு மாநகராட்சியில் இருக்கிறேன். பதினோரு வருடம் வீட்டிலேயே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தெருப் பக்கம் ஷட்டர் உண்டு. வாடகை 4,500, அட்வான்ஸ் 30,000 கொடுத்தாகிவிட்டது. நானும் உதவிக்கு ஒரு பெண்ணும், இரண்டு மோட்டார் மிஷின், ஒரு ஓவர்லாக்.

வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கப் போனபோது, சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்று காட்டினேன். அது மட்டும் போதாது, கடை பெயரில் மாநகராட்சி லைசென்ஸும் வேண்டும் என்றார்கள். சரி என்று tnurbanepay.tn.gov.in தளத்தில் நானே விண்ணப்பித்தேன். வாடகை ஒப்பந்தம், ஆதார், வீட்டுக்காரர் கொடுத்த சொத்து வரி ரசீது எல்லாம் ஏற்றினேன். பன்னிரண்டு நாள் கழித்து மனு திரும்பி வந்துவிட்டது. காரணம் இரண்டே வரி: வரி விதிப்புப் பெயரும் உரிமையாளர் பெயரும் பொருந்தவில்லை, கட்டடப் பயன்பாடு குடியிருப்பு.

ரசீதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வீட்டுக்காரரின் அப்பா பெயர் இருக்கிறது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மண்டல அலுவலக வாசலில் ஒருவர், 9,000 கொடுத்தால் எதுவும் மாற்றாமலேயே வாங்கித் தருகிறேன் என்கிறார். கட்டிய அட்வான்ஸை நினைத்தால் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. லேபர் ஆபீஸிலும் கடையைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அதுவும் புரியவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மெயின்ரோடு_மளிகை | நவம்பர் 9

அக்கா, இவ்வளவு கவலைப்பட வேண்டாம். நான் பதினாலு வருடமாகக் கடை நடத்துகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொழில் வரி கட்டி ரசீது வைத்திருக்கிறேன், அதுதான் லைசென்ஸ். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போட்டிருந்தால் அது எங்கேயும் பதிய வேண்டியதில்லை. மனு போட்டு முப்பது நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகத்தான் அர்த்தம், சட்டத்திலேயே இருக்கிறது. கரண்டுக்கும் பயப்படாதீர்கள், 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டு இணைப்பிலேயே நடத்தலாம்.

---

தள்ளுவண்டி | நவம்பர் 9

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். மாலையில் பஸ் ஸ்டாப் பக்கம் சுண்டல், போளி போடுகிறேன். இதே தளத்தில் டிரேட் லைசென்ஸ் போட்டால் சொத்து வரி எண் கேட்கிறது. ரோட்டுக்கு ஏது வரி எண்? பக்கத்துக் கடைக்காரர் எண்ணைப் போடலாமா?

---

பழையகோப்பு | நவம்பர் 10

நகராட்சி, மாநகராட்சி இரண்டிலும் வருவாய்ப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பில் கலெக்டராகச் சேர்ந்தேன். இந்தத் திரும்பி வரும் மனுக்களை நானே ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தள்ளுவண்டித் தம்பிக்கு. அடுத்தவர் வரி எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். தொழில் உரிமம் என்பது ஒரு கட்டடத்துக்குள், ஒரு கதவு எண்ணில் நடக்கும் தொழிலுக்கு. உங்களுடையது 2014-ஆம் வருடத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் வரும். மாநகராட்சியில் நகர விற்பனைக் குழு இருக்கும், அங்கே கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து அடையாள அட்டையும் விற்பனைச் சான்றும் வாங்க வேண்டும். தின்பண்டம் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் தனியாக வேண்டும். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

இப்போது ஊசிநூல் அம்மாவுக்கு. உங்கள் மனு திரும்பியதற்கான இரண்டு காரணமும் கடையைப் பற்றியதே இல்லை. இரண்டும் வீட்டைப் பற்றியவை. அதனால் நீங்கள் எத்தனை முறை மனுவைத் திருத்தி அனுப்பினாலும் அது திரும்பித்தான் வரும், வரிப் பதிவேட்டில் மாற்றம் நடக்காத வரைக்கும். மனுவைப் பார்க்கும் ஊழியர் திரையில் வரி விதிப்பு எண்ணைப் போட்டதும் மூன்று விஷயம் தெரியும்: யார் பெயர், என்ன பயன்பாடு, பாக்கி எவ்வளவு. உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அங்கே இல்லை. பயன்பாடு வீடு. பாக்கி பற்றி எதுவும் எழுதவில்லை என்பதால் வரி கட்டியிருக்கிறார் என்று தெரிகிறது, அது நல்லது.

பெயர் மாற்றம் கனமான வேலை மாதிரித் தோன்றும், ஆனால் பத்திரப் பெயர் மாற்றம் வேறு, வரிப் பெயர் மாற்றம் வேறு. வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் யாரும் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்கள், வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்கான பதிவு அது. அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பழைய பத்திர நகல், கடைசி ரசீது. இவ்வளவுதான். எல்லா வாரிசுகள் பெயரையும் சேர்த்தே மாற்றுவதானால் சம்மதத்துக்கான சண்டையும் இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் வாரிசுச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆறு வருடத்தில் வாங்கியிருக்க வேண்டும், வங்கிக் கணக்குக்காவது வாங்கியிருப்பார்கள்.

பயன்பாட்டு மாற்றத்துக்கு வீட்டுக்காரர்கள் பயப்படுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீடு முழுக்கக் கடை ஆகிவிடும், வரி பல மடங்கு ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அளந்து, கடையாகப் பயன்படும் 120 சதுர அடிக்கு மட்டும் குடியிருப்பு அல்லாத கட்டணம், மீதி வீட்டுக்கு வீட்டு வரி. அந்த 120 அடிக்கு ஏறும் தொகையை வாடகையில் யார் ஏற்பது என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

மளிகைத் தம்பி சொன்னதில் சிலது திருத்த வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொழில் வரி என்பது நீங்கள் சம்பாதிக்கும் வருமானத்துக்கு, ஆளுக்கு. அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250, வருடத்துக்கு 2,500-க்கு மேல் யாரிடமும் வாங்க முடியாது, அரசியலமைப்பிலேயே அந்த வரம்பு இருக்கிறது. தொழில் உரிமம் இடத்துக்கும் செய்யும் தொழிலுக்கும். இரண்டின் பெயரிலும் தொழில் இருப்பதால் பாதிப் பேர் ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றையும் முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள், உரிம எண்ணும் செல்லுபடியாகும் தேதியும் இருக்கிறதா என்று.

முப்பது நாள் கணக்கு பழைய நகராட்சிச் சட்டத்தில் இருந்த வழிதான், முழுக்கத் தவறில்லை. ஆனால் அது எல்லாத் தாளும் சரியாக இருக்கும் மனுவுக்கு, பதிலே வராதபோது. திரும்பி அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்துவிட்டது, அந்தக் கணக்கு ஓடாது. அதே மாதிரி, கட்டணம் கட்டிய ரசீதும் உரிமம் ஆகாது. கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டதால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, மறுத்தால் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பலர் அந்த ரசீதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி வைத்திருப்பார்கள்.

9,000 கேட்பவரைப் பற்றி: அவர் எதுவும் மாற்றாமல் வாங்கித் தருகிறேன் என்றால் இரண்டில் ஒன்று. வேறொரு கட்டடத்தின் வரி எண்ணைப் போட்டு உங்கள் கடை பெயரில் எடுப்பார், அல்லது பெயர்ப் பொருத்தத்தைக் கவனிக்காமல் யாரையாவது கையெழுத்துப் போட வைப்பார். முதல் வகை உரிமத்தில் கதவு எண் உங்கள் கடை எண்ணாக இருக்காது. வங்கியிலிருந்து நேரில் பார்க்க வரும் அன்றைக்கே அது தெரிந்துவிடும்.

---

மாடிவீடு | நவம்பர் 10

வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எல்லோரும் வீட்டுக்காரரை ஒத்துக்கொள்ள வையுங்கள் என்கிறீர்கள். நான் என் கீழ் போர்ஷனை ஒரு செல்போன் கடைக்கு விட்டேன். கடைக்காரர் லைசென்ஸ் என் வீட்டு எண்ணில் எடுத்தார், காலி செய்யச் சொன்னபோது இந்த லைசென்ஸைக் காட்டித்தான், எனக்கு இங்கே உரிமை இருக்கிறது என்று ஒரு வருடம் இழுத்தடித்தார். கரண்டும் அப்படித்தான். ஒரே மீட்டர், கடையும் வீடும். ஒருநாள் சோதனைக்கு வந்து கடைக்கு வீட்டுக் கரண்ட் ஓடுகிறது என்று பிடித்தார்கள். இணைப்பு என் பெயரில், அபராதமும் என் பெயரில். கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தயங்கினால் அவரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம்.

---

பழையகோப்பு | நவம்பர் 10

மாடிவீடு ஐயா, நீங்கள் பட்டது உண்மையான கஷ்டம். கரண்ட் விஷயத்தை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். மின்சாரச் சட்டம் 2003-இல் 126-ஆம் பிரிவு அது. வீட்டு இணைப்பில் கடை நடத்தினால், கடைக் கட்டணம் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. சிறு கடைக்கு அது பெரிய அடி.

மளிகைத் தம்பி சொன்ன 200 சதுர அடியும் காற்றில் வந்த கதை இல்லை. வீட்டுக் கட்டணப் பட்டியலில் அப்படி ஒரு வரி இருக்கிறது. ஆனால் அது தொழில்முறை ஆலோசகர்கள் தங்கள் சொந்தக் குடியிருப்போடு சேர்ந்து வைத்திருக்கும் ஆலோசனை அறைக்கு, உதாரணத்துக்கு டாக்டர் வீட்டு முன்னறை. வாடகைக்கு விட்ட கடைக்கு அது பொருந்தாது.

லைசென்ஸ் வைத்திருப்பதால் வாடகைதாரருக்குக் கட்டடத்தில் உரிமை வராது. அது தொழில் நடத்த அனுமதி, குடியிருப்பு உரிமைப் பத்திரம் இல்லை. உங்கள் வழக்கில் ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததா, வாடகை அதிகாரியிடம் பதிந்திருந்தீர்களா?

---

மாடிவீடு | நவம்பர் 11

ஒப்பந்தம் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினோம், எங்கேயும் பதியவில்லை. 11 மாதத்துக்குப் பதிவு வேண்டாம் என்றுதான் எனக்கும் சொன்னார்கள்.

---

கணக்குநோட்டு | நவம்பர் 11

வரி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அந்த 11 மாதக் கதையை ஒருமுறை நேராக்கிவிடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை என்பது பழைய பதிவுச் சட்டத்துப்படி சரி. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, tenancy.tn.gov.in தளத்தில் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஊரில் பலர் செய்வதில்லை என்பது வேறு. சண்டை வரும்போது பதிந்த ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கும் காவல்.

அடுத்து கடைப் பதிவு, அதை யாரும் தொடவில்லை. லேபர் ஆபீஸ் பதிவு என்று ஊசிநூல் கேட்டது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் போட்டது. மும்பையிலும் பெங்களூரிலும் கடை திறந்தாலே இந்த மாதிரிப் பதிவுச் சான்று வாங்கும் பழக்கம் பல வருடமாக இருக்கிறது. அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கேயும் அதைத் தேடுவார்கள், வங்கிக்காரர்களும் கேட்பார்கள். நம் மாநிலச் சட்டத்தில் பதிவு என்ற ஏற்பாடே வெகு காலம் இல்லை. 2018-இல் திருத்தம் கொண்டுவந்து, 2024 ஜூலை 2 முதல்தான் அது நடப்புக்கு வந்தது. அதிலும் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு இருக்கும் இடத்துக்குத்தான் பதிவு கட்டாயம். உங்கள் கடையில் ஒரே ஒரு பெண், அதனால் அந்தப் பதிவுச் சான்று உங்களுக்கு வேண்டியதில்லை. வங்கியில் கேட்டால் இதையே சொல்லுங்கள், ஒரு வெள்ளைத் தாளில் வேலையாள் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

ஆனால் பதிவு இல்லை என்றால் சட்டமே இல்லை என்று ஆகாது. அந்தப் பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை, உட்கார இடம், இதெல்லாம் ஒரே ஆள் இருந்தாலும் உண்டு. பெயர்ப்பலகையும் இதே சட்டத்து விதிதான். தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். ஆங்கிலமும் வேறு மொழியும் வைத்தால் 5:3:2 என்ற அளவு. உங்கள் பலகை எப்படி இருக்கிறது?

---

ஊசிநூல் | நவம்பர் 11

ஐயா, சார், எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன், ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பெயர்ப்பலகை ஃபிளெக்ஸ் அடித்து வந்துவிட்டது, முழுக்க இங்கிலீஷ், மூலையில் போன் நம்பர் மட்டும். 1,400 ரூபாய். மறுபடியும் அடிக்கச் சொல்லிவிட்டேன், இந்த முறை தமிழ் மேலே.

வீட்டுக்காரரிடம் பேசினேன். அவர் தயங்கும் காரணம் வரி இல்லை, கரண்ட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போய்விடுமாம். இன்னொன்று, அவருக்கு ஒரு அக்காவும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். தம்பி துபாயில். வாரிசுச் சான்று வாங்கி வைத்திருக்கிறார், அம்மா பெயரும் சேர்த்து நான்கு பேர். தம்பியின் சம்மதக் கடிதம் எப்படி வாங்குவது என்று தெரியவில்லை.

---

பழையகோப்பு | நவம்பர் 12

100 யூனிட் போகாது. வீட்டு மீட்டரை அப்படியே விடுங்கள், முன்னறைக்குத் தனி இணைப்பு கேளுங்கள், கடைக்கான கட்டணத்தில். முன்னறைக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கும் கதவை அடைத்து, வயரிங்கையும் பிரித்துவிட வேண்டும். அளக்க வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான், வீட்டு ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒரு வயர் கடைக்குள் வந்தாலும் எழுதிவிடுவார். இணைப்பு உங்கள் பெயரில் வர உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அப்போது மாடிவீடு ஐயாவுக்கு வந்த கஷ்டம் உங்கள் வீட்டுக்காரருக்கு வராது. பில்லும் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. இதை அவரிடம் நேரில் சொல்லுங்கள், பாதித் தயக்கம் அங்கேயே தீரும்.

தம்பி சம்மதத்துக்கு அவசரம் இல்லை. ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றினால்தான் மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். அம்மா உட்பட நான்கு பேர் பெயரிலும் கூட்டாக மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் வாடகை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதுங்கள், வரிப் பதிவில் இருக்கும் நான்கு பேரில் ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது.

மறுபடி விண்ணப்பிக்கும்போது தொழில் வகைப் பட்டியலில் கவனம். தையல் கடை என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிஷின் இருக்கிறதே என்று ஆயத்த ஆடைத் தயாரிப்பு என்று போட்டால் உங்களைப் பட்டறையாகப் பார்ப்பார்கள், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்பதில் தொடங்கி வேறு வேறு கேள்வி வரும்.

---

எல்லைக்கல் | நவம்பர் 13

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் ஊர் பஞ்சாயத்தாக இருந்தது, மாநகராட்சியோடு இணைத்துவிட்டார்கள். பஞ்சாயத்தில் வாங்கிய ரசீது, கதவு எண் எல்லாம் பழையது. தளத்தில் எங்கள் தெரு பெயரே வார்டுப் பட்டியலில் வரவில்லை. ஹார்டுவேர் கடை. இப்போது நான் யாரிடம் விண்ணப்பிப்பது?

---

பழையகோப்பு | நவம்பர் 13

தெரு பெயர் பட்டியலில் வராத வரை இணையத்தில் விண்ணப்பிக்க வழியில்லை. பழைய பஞ்சாயத்து அலுவலகம் இப்போது வார்டு அலுவலகமாக மாறியிருக்கும், அங்கேயே பழைய வரிப் பதிவேடும் இருக்கும். எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடைக்காலத்தில் யாராவது உரிமம் இல்லை என்று வந்தால், விண்ணப்பிக்க முயன்றேன் என்பதற்கு உங்கள் கையில் அது இருக்கும்.

---

எல்லைக்கல் | நவம்பர் 14

போனேன். மண்டல அலுவலகம் போ என்றார்கள். அங்கே போனால் எண் வரட்டும் என்கிறார்கள். முத்திரை மட்டும் வாங்கிவிட்டேன்.

---

மெயின்ரோடு_மளிகை | நவம்பர் 16

பழையகோப்பு ஐயா, என் ரசீதை எடுத்துப் பார்த்தேன். தொழில் வரி மட்டும்தான் இருக்கிறது. உரிமம் 2017-க்கு அப்புறம் புதுப்பிக்கவே இல்லை, அந்தப் பழைய தாள் அப்பா பெட்டிக்குள் இருந்தது. இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. இப்போது போய்க் கேட்டால் எட்டு வருடத்துக்கும் கட்டச் சொல்வார்களா?

---

கணக்குநோட்டு | நவம்பர் 16

ஊருக்கு ஊர் வித்தியாசமாக நடத்துகிறார்கள். என் கட்சிக்காரர் ஒருவருக்குப் பாக்கி வருடங்களையும் சேர்த்துக் கேட்டார்கள், இன்னொருவருக்குப் புது உரிமமாகவே கொடுத்தார்கள். கேட்கும் தொகைக்கு எழுத்தில் டிமாண்ட் கேளுங்கள். வாய்ச் சொல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் மளிகை, எலக்ட்ரானிக் தராசு வைத்திருப்பீர்கள், அதன் முத்திரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது, அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உரிமத்துக்கு வந்து பார்ப்பவர் வேறு, தராசுக்கு வருபவர் லேபர் துறை, ஆனால் ஒரு கடை பழைய தாளோடு இருக்கிறது என்ற பேச்சு சீக்கிரம் பரவும்.

---

பழையகோப்பு | நவம்பர் 17

பாக்கி வருடம் கேட்பது பற்றி நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். உரிமம் என்பது இனி நடத்தப்போகும் காலத்துக்கு. முடிந்துபோன வருடத்துக்கு உரிமம் கொடுத்து என்ன பயன்? உரிமம் இல்லாமல் நடத்தியதற்கு அபராதம் கேட்கலாம், அது வேறு. நான் இருந்த இடத்தில் அப்படித்தான் பிரித்துப் பார்த்தோம். ஆனால் வேறு மண்டலங்களில் சேர்த்து வாங்கியதும் எனக்குத் தெரியும்.

---

ஊசிநூல் | பிப்ரவரி 6

மூன்று மாதம் ஆகிவிட்டது, வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதவில்லை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

தனி மீட்டர் என்றதும் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். வரிப் பெயர் மாற்றத்துக்கு டிசம்பர் முதல் வாரம் மனு கொடுத்தோம். நான்கு பேர் பெயரிலும் கூட்டாக. இறப்புச் சான்றில் அவர் அப்பா பெயருக்கு இனிஷியல் ஒன்று, வரி ரசீதில் இரண்டு. அதற்காக ஒருமுறை திரும்பியது. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழி வாங்கி வைத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். இருபத்து மூன்று நாள் ஆனது.

பொங்கலுக்கு முந்தின வாரம் பயன்பாட்டு மாற்றத்துக்காக மாநகராட்சியிலிருந்து ஒருவர் அளக்க வந்தார். டேப்பை நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். அறை பத்துக்குப் பன்னிரண்டு, ஆனால் ஷட்டருக்கு வெளியே மூன்று படி சிமெண்டில் கட்டியிருந்தோம். கீழ்ப்படி சாக்கடை மூடிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தால்தான் எழுதுவேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கொத்தனாருக்குக் கொடுத்த காசு நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, மழைக்கு அந்த மூடியைத் தூக்கித்தான் அடைப்பு எடுப்பார்கள். மறுநாள் அந்தப் படியை உடைத்துவிட்டு, தூக்கி வைக்கும் இரும்புப் படி ஒன்று செய்து வாங்கினேன். காலையில் போட்டு ராத்திரி உள்ளே வைத்துவிடுவேன். போட்டோ எடுத்து அனுப்பினேன், அப்புறம் வரவேயில்லை, எழுதிவிட்டார்.

கடைப் பகுதிக்கு ஏறிய வரியை அரையாண்டுக்குப் பாதி நான், பாதி அவர் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். மீட்டர் வந்துவிட்டது.

ஜனவரி 22 மறுபடி விண்ணப்பம், தையல் கடை என்றே. நேற்று உரிமம் வந்துவிட்டது. தாளில் என் கடை பெயர், சரியான கதவு எண். கட்டணம், நோட்டரி, படிவச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் வாசலில் கேட்ட 9,000-இல் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, படி உடைத்ததையும் மீட்டரையும் சேர்க்காமல்.

ஒரே ஒரு சந்தேகம். உரிமத்தில் மார்ச் 31 வரை என்று போட்டிருக்கிறது. நேற்று வந்தது அடுத்த மாதம் முடிகிறதா? ஏதாவது தவறா?

---

பழையகோப்பு | பிப்ரவரி 6

ரொம்பச் சந்தோஷம் அம்மா. தவறு இல்லை. உரிமத்தின் வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், எப்போது வாங்கினாலும். பிப்ரவரியில் வாங்கியது இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு ஜனவரியிலேயே இதைச் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் உங்களுக்கு வங்கி வேலைக்கு இப்போதே வேண்டியிருந்தது, அதனால் நஷ்டம் இல்லை.

மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த வாரம் சொத்து வரி வசூல் நெருக்கடியில் ஊழியர்கள் எல்லோரும் வெளியே இருப்பார்கள், தளமும் மெதுவாக ஓடும். இந்த மாதமே புதுப்பிக்க மனு கொடுங்கள். புதுப்பிக்கும்போது வரிப் பாக்கி இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரைக்கான அரையாண்டு வரியை வீட்டுக்காரர் கட்டிவிட்டாரா என்று கேட்டு, ரசீது நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பாக்கி வைத்தாலும் நிற்பது உங்கள் மனுதான்.

---

ஊசிநூல் | பிப்ரவரி 7

கேட்டேன் ஐயா. இன்னும் கட்டவில்லையாம். திங்கட்கிழமை நானே கூடப் போய்க் கட்ட வைக்கிறேன்.

---

எல்லைக்கல் | பிப்ரவரி 9

எங்களுக்கு இன்னும் தெரு பெயர் வரவில்லை. இணைந்த பஞ்சாயத்திலிருந்து யாராவது உரிமம் வாங்கியிருந்தால் எந்த மண்டலம், யாருக்கு மனு எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். முத்திரை போட்ட நகல் மட்டும் கையில் இருக்கிறது.